கேம்பெய்னுக்கு முன்னாடி, பின்னாடி: எண்ணிக்கையை எப்படி ஒப்பிடறது? அடிக்கடி வர்ற கேள்விகள்

"முன்னாடி இவ்ளோ இருந்துச்சு, கேம்பெய்னுக்கு அப்புறம் இவ்ளோதான் இருக்கு, குறைஞ்சிருக்குன்னு கண்ணுக்கே தெரியுது. இதுல சந்தேகப்பட என்ன இருக்கு?"

இந்தக் கேள்வியை ரோடு சேஃப்டி வேலை பாக்கறவங்க, டெங்கு விழிப்புணர்வு பண்றவங்க, கடை விளம்பரம் போடறவங்கன்னு எல்லார்கிட்ட இருந்தும் கேட்டாச்சு, அதனாலதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். ஒரே ஒரு கேஸை எடுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் அதையே பிடிச்சுக்கிட்டு போலாம், அப்பதான் தெளிவா புரியும். அமெரிக்கால கனெக்டிகட்னு ஒரு சின்ன மாநிலம். 1955ல அங்க ரோடு விபத்துல 324 பேர் செத்துட்டாங்க. கவர்னர் ஆப்ரஹாம் ரிபிகாஃப் அந்த வருச டிசம்பர் 23ல ஒரு அதிரடி அறிவிச்சாரு: ஸ்பீடா ஓட்டி மாட்டினா முதல் தடவையே 30 நாள் லைசென்ஸ் சஸ்பெண்ட், ரெண்டாவது தடவை 60 நாள், மூணாவது தடவைன்னா எப்ப திரும்பக் கிடைக்கும்னே சொல்ல முடியாது.

1956ல சாவு 284. நாப்பது உயிர் காப்பாத்திட்டோம், 12.3% குறைஞ்சிருக்கு, திட்டம் கண்டிப்பா பயன் தந்திருக்குன்னு கவர்னர் சொன்னாரு. நீங்க கேக்கறதும் அதேதான். டொனால்ட் கேம்ப்பெல், லாரன்ஸ் ராஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த 324, 284 ரெண்டையும் எடுத்துப் பிரிச்சுப் பாத்து 1968ல எழுதினாங்க. முன் பின் ஒப்பிடறதுல எங்கெல்லாம் வழுக்கும்னு தெரிஞ்சுக்க இதைவிட நல்ல கேஸ் எனக்குத் தெரியல.

"நாப்பது உயிர்ங்க, 12%. இதைப் போய் தற்செயல்னு எப்படி சொல்லுவீங்க?"

ஒரு மாநிலத்துல ரோடும் வண்டியும் ஆளுங்களும் போலீஸும் அப்படியே மாறாம இருந்தாலும் வருசா வருசம் ஒரே எண்ணிக்கை வராது. ஒரு நொடி முன்னப்பின்ன ஆனா தப்பிச்சிருப்பாங்க, ஒரு நொடி தாமதமானா செத்திருப்பாங்க, இந்த மாதிரி ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன விசயம் சேர்ந்துதான் வருசக் கணக்கு வருது. இப்படி எண்ணிப் பாக்கற விசயத்துக்கு ஒரு கைக்கணக்கு இருக்கு. எண்ணிக்கையோட வர்க்கமூலம் எவ்ளோவோ அந்த அளவுக்கு அது சும்மாவே ஆடும். 324க்கு வர்க்கமூலம் 18. அதோட ரெண்டு மடங்கு, அதாவது 36 வரைக்கும் மேலயோ கீழயோ போனா ஆச்சரியப்பட வேண்டியதில்ல.

ரெண்டு வருசத்தை ஒப்பிடும்போது ரெண்டுமே ஆடுது, அதனால ரெண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்கணும். 324ம் 284ம் சேர்ந்து 608, அதோட வர்க்கமூலம் கிட்டத்தட்ட 25, ரெண்டு மடங்கு 50. குறைஞ்சது 40தான். அந்த அம்பதைக் கூட தாண்டல. கேம்பெய்ன் வேலை செய்யலன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, ஆனா ஒண்ணுமே செய்யாம இருந்திருந்தாலும் இந்த அளவு வித்தியாசம் வந்திருக்கலாம்னு ஒத்துக்கணும். இன்னொண்ணு, ஒரே விபத்துல நாலு பேர் சாகறது உண்டு, அந்த மாதிரி கொத்தா வர்ற எண்ணிக்கை இந்தக் கணக்கு சொல்றதைவிட இன்னும் அதிகமாவே ஆடும்.

"அப்போ இந்த வர்க்கமூலக் கணக்கைப் போட்டுட்டா போதுமா? பழைய வருசக் கணக்கெல்லாம் எதுக்கு கேக்கறீங்க?"

போதாது. அந்தக் கணக்கு சொல்றது குறைஞ்சபட்ச ஆட்டம் மட்டும்தான். நிஜத்துல பெட்ரோல் விலை, மழை, புது ரோடு, வேலைவாய்ப்பு எல்லாம் வருசத்துக்கு வருசம் மாறுது, அதனால உண்மையான ஆட்டம் எவ்ளோன்னு தெரியணும்னா பழைய வருசங்களைப் பாக்கறதைத் தவிர வேற வழி இல்ல.

கனெக்டிகட்ல 1951ல இருந்து 1959 வரைக்கும் வரிசையா கிராஃப் போட்டுப் பாத்தாங்க. 1951ல இருந்து 52க்கு இறங்குது, 53க்கு ஏறுது, 54க்கு இறங்குது, 55க்கு எகிறுது, 56க்கு இறங்குது. ரம்பப்பல் மாதிரி. எந்த சட்டமும் போடாத 52லயும் 54லயும் இறங்கின அளவும், அதிரடிக்கு அப்புறம் 56ல இறங்கின அளவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 56 கொஞ்சம் கூட, அவ்ளோதான். ரெண்டே ரெண்டு நம்பரை வச்சுக்கிட்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. யாராவது உங்ககிட்ட "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு"ன்னு ரெண்டு பார் மட்டும் உள்ள கிராஃபைக் காட்டினா, அதுக்கு முந்தின அஞ்சு வருசம் எங்கன்னு கேளுங்க. வருசக் கணக்கு கிடைக்கலன்னா மாசக் கணக்காவது கேளுங்க.

"ஆனா நிலைமை மோசமானதாலதானே கேம்பெய்னே ஆரம்பிச்சோம். மோசமா இருக்கும்போது ஆரம்பிக்கறதுல என்ன தப்பு?"

ஆரம்பிக்கறதுல தப்பே இல்ல, அதை வச்சு ஒப்பிடறதுலதான் வில்லங்கம். மேல சொன்ன மாதிரி எண்ணிக்கை சும்மாவே ஏறி இறங்குது. அதுல ரொம்ப மோசமான வருசமா பாத்து நீங்க பொறுக்கி எடுக்கறீங்க. அந்த வருசம் மோசமா இருந்ததுக்கு நிஜமான காரணமும் இருக்கும், கெட்ட நேரமும் கொஞ்சம் இருக்கும். கெட்ட நேரம் அடுத்த வருசமும் அதே அளவுக்கு கூடவே வராது. அதனால நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாலும் அடுத்த வருசம் சராசரி பக்கமா திரும்பி வரத்தான் அதிக வாய்ப்பு.

ரோடு சேஃப்டில இதை நல்லாவே பாக்கலாம். போன வருசம் அதிக விபத்து நடந்த ஜங்ஷன்களை பிளாக் ஸ்பாட்னு லிஸ்ட் போட்டு, அதுல பாதியில மட்டும் போர்டு, ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் போடுங்க, மீதிப் பாதியை அப்படியே விடுங்க. அடுத்த வருசம் ஒண்ணுமே பண்ணாத ஜங்ஷன்களோட மொத்தக் கணக்கும் பெரும்பாலும் குறைஞ்சிருக்கும். போர்டு நிஜமா எவ்ளோ உதவுச்சுங்கறது இந்த ரெண்டு பாதிக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் மட்டும்தான்.

கனெக்டிகட்ல கவர்னர் இறங்கினதே 1955ல எண்ணிக்கை எகிறினதாலதான். கேம்ப்பெலும் ராஸும் அதிகமா கவலைப்பட்டது இந்த ஒரு விசயத்தைப் பத்திதான். இதுக்கு ஒரு எளிய வைத்தியம் இருக்கு, "முன்னாடி"ங்கறதுக்கு அந்த ஒரு மோசமான வருசத்தை வைக்காம அதுக்கு முந்தின மூணு நாலு வருச சராசரியை வைங்க. பாதி வித்தியாசம் அங்கயே கரைஞ்சு போறதைப் பல தடவை பாத்திருக்கேன், கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா தெரிஞ்சுக்கறது நல்லது.

"டிசம்பர் கடைசில ஆரம்பிச்சோம், ஜனவரி பிப்ரவரிலயே சர்ர்னு குறைஞ்சிடுச்சு. இவ்ளோ சீக்கிரம் குறைஞ்சா அது கேம்பெய்னாலதானே?"

சீசனைப் பாத்தீங்களா? அமெரிக்கால பொதுவா ஜனவரி பிப்ரவரில சாவு குறைவு, ஏன்னா குளிர்ல ஜனங்க வண்டியை வெளிய எடுக்கறதே குறைவு. கோடைல இருந்து வருசக் கடைசி வரைக்கும் அதிகம். டிசம்பர் 23ல அறிவிச்ச கனெக்டிகட் அதிரடிக்கு முந்தின மூணு மாசத்தையும் பிந்தின மூணு மாசத்தையும் ஒப்பிட்டா, எந்த அதிரடியா இருந்தாலும் ஜெயிச்ச மாதிரிதான் தெரியும்.

சும்மா ஒரு உதாரணத்துக்கு நானே போட்ட நம்பர் இது. ஒரு ஊர்ல டிசம்பர்ல 30 விபத்து, கேம்பெய்னுக்கு அப்புறம் ஜனவரில 19. பாத்தா மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்ச மாதிரி இருக்கு. ஆனா முந்தின நாலு வருசமும் ஜனவரி சராசரியே 20ன்னா நிஜமா குறைஞ்சது ஒண்ணே ஒண்ணு. செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு மாசத்துக்கும் கேம்பெய்னுக்கு முந்தின நாலஞ்சு வருச சராசரி எடுத்து வைங்க, புது மாசத்தை அந்த மாச சராசரியால வகுத்து நூறால பெருக்குங்க. 19ஐ 20ஆல வகுத்தா 95. இப்படி எல்லா மாசத்தையும் மாத்திட்டா ஜனவரியையும் ஜூலையையும் ஒரே கிராஃப்ல பக்கத்துல பக்கத்துல வைக்கலாம். நூறைச் சுத்தி ஆடிக்கிட்டு இருந்த கோடு கேம்பெய்னுக்கு அப்புறம் கீழ இறங்கி அங்கயே நிக்குதான்னு பாருங்க.

"நான் போன வருசம் அதே மாசத்தோடதான் ஒப்பிட்டேன். அப்போ சீசன் பிரச்சனை தீர்ந்துச்சுல்ல?"

பாதி தீர்ந்துச்சு. போன வருச அந்த ஒரு மாசமும் ஆடற எண்ணிக்கைதானே, அது தற்செயலா ஏறின மாசமா இருந்தா திரும்பவும் நாலாவது கேள்வில சொன்ன வில்லங்கம்தான். அதனாலதான் ஒரு வருசத்தை எடுக்காம பல வருச சராசரி எடுக்கச் சொல்றேன்.

இன்னொரு பாதி, இடம் மாறி வர்ற பண்டிகை. தீபாவளி ஒரு வருசம் அக்டோபர்ல வருது, ஒரு வருசம் நவம்பர்ல வருது. கடை விற்பனையோ பஸ் கூட்டமோ தீக்காயமோ எதை எண்ணினாலும் "போன அக்டோபர், இந்த அக்டோபர்"னு ஒப்பிட்டா ஒரு பக்கம் தீபாவளி இருக்கும், இன்னொரு பக்கம் இருக்காது. ரம்ஜான் வருசத்துக்கு பத்து பதினோரு நாள் முன்னாடி நகர்ந்துக்கிட்டே போகுது. இந்த மாதிரி இடத்துல அக்டோபர் நவம்பர் ரெண்டையும் சேர்த்து ஒரே பொட்டலமா வைங்க, இல்ல பண்டிகைக்கு முன்னாடி எத்தனை நாள், பின்னாடி எத்தனை நாள்னு எண்ணி அடுக்குங்க. மாசத்துல எத்தனை சனி ஞாயிறு வந்துச்சுன்னும் பாக்கணும், நாலுக்கும் அஞ்சுக்கும் வித்தியாசம் நிறைய.

"சரி, சீசனையும் பாத்தாச்சு, பழைய வருசமும் பாத்தாச்சு. ஆனா அதே வருசம் வேற ஏதாவது நடந்து அதனால குறைஞ்சிருந்தா எப்படித் தெரியும்?"

இது நல்ல கேள்வி, ஏன்னா கேம்பெய்ன் நடந்த இடத்தோட கணக்கை மட்டும் எத்தனை தடவை உருட்டினாலும் இதுக்கு பதில் கிடைக்காது. 1956ல பனி குறைவா பெஞ்சிருக்கலாம், கார்ல புது பாதுகாப்பு வசதி வந்திருக்கலாம், ஆஸ்பத்திரில காயம்பட்டவங்களைக் காப்பாத்தறது மேம்பட்டிருக்கலாம். இதெல்லாம் கனெக்டிகட்டுக்கு மட்டும் வர்றது இல்ல, பக்கத்துலயும் வரும். அதனால நியூயார்க், நியூஜெர்ஸி, ரோட் ஐலண்ட், மாசசூசெட்ஸ் நாலு மாநிலத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. ஜனத்தொகை வேற வேறங்கறதால லட்சம் பேருக்கு எத்தனை சாவுன்னு மாத்திக்கிட்டாங்க.

ஒப்பிட எடுக்கற இடம் அதே மழை, அதே விலைவாசி, அதே மாதிரி ரோடு உள்ளதா இருக்கணும், கேம்பெய்ன் மட்டும் அங்க நடந்திருக்கக் கூடாது. ரொம்ப ஒட்டி இருந்தாலும் ஒரு தொந்தரவு உண்டு. எல்லை தாண்டி ஓட்டறவங்க கனெக்டிகட்ல பயந்து மெதுவா ஓட்டிப் பழகி அதே பழக்கத்தோட மாசசூசெட்ஸுக்குள்ள போனாங்கன்னா அங்கயும் சாவு குறையும், அப்போ கேம்பெய்னோட பலன் நிஜத்தைவிட கம்மியா தெரியும். அதனால ஒரே இடத்தை நம்பாம மூணு நாலு இடத்தை எடுக்கறது நல்லது.

"பக்கத்து மாவட்டத்துலயும் குறைஞ்சிருக்கு. அப்போ எங்க உழைப்பு வேஸ்ட்டா?"

அப்படி உடனே முடிவு கட்டாதீங்க. உங்களுக்கு எவ்ளோ குறைஞ்சுது, அவங்களுக்கு எவ்ளோ குறைஞ்சுதுன்னு பாத்து கழிக்கணும். உங்க கணக்கு 200ல இருந்து 150 ஆச்சு, கால்வாசி குறைஞ்சுது. அவங்க 100ல இருந்து 90, பத்துல ஒரு பங்கு. (இதுவும் உதாரணத்துக்கு போட்ட நம்பர்தான்.) நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்திருந்தா உங்களுக்கும் அந்த பத்துல ஒரு பங்கு குறைஞ்சு 180 வந்திருக்கும்னு வச்சுக்கலாம். வந்தது 150, அப்போ உங்க கேம்பெய்ன் பேர்ல எழுதக்கூடியது 50 கிடையாது, 30. அந்த முப்பதையும் ரெண்டாவது பதில்ல சொன்ன ஆட்டத்தோட வச்சுப் பாக்கணும்.

இந்தக் கழித்தலுக்கு ஒரு நிபந்தனை இருக்கு, கேம்பெய்னுக்கு முன்னாடி ரெண்டு இடமும் ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்கிட்டு இருந்திருக்கணும். முந்தின அஞ்சு வருசக் கோடு ரெண்டையும் மேல மேல வச்சுப் பாருங்க, ஆளுக்கு ஒரு பக்கம் போயிருந்தா அந்த இடம் ஒப்பிட லாயக்கில்ல, வேற தேடுங்க.

"கேம்பெய்ன் ஆரம்பிச்சதும் எங்க எண்ணிக்கை ஏறிடுச்சு! விழிப்புணர்வு பண்ணினா கூடுமா?"

கூடும், நிறைய இடத்துல நடக்கும். நடக்கற விசயம் கூடியிருக்காது, பதிவாகறது கூடியிருக்கும். சிகாகோ போலீஸ் தலைமைக்கு ஆர்லாண்டோ வில்சன்னு சீர்திருத்தக்காரர் வந்த சமயத்துல சில்லறைத் திருட்டு எண்ணிக்கை எகிறுச்சு. பதிவு பண்ற முறையை அவர் ஒழுங்குபடுத்தினதால, முன்னாடி எழுதாம விட்ட புகாரெல்லாம் இப்போ எழுத்துல ஏறுச்சு. டெங்கு கேம்பெய்ன் பண்ணினா ஜனங்க காய்ச்சல் வந்ததும் ஓடிப்போய் டெஸ்ட் எடுப்பாங்க, கேஸ் கூடத்தான் செய்யும்.

எதிர்ப்பக்கமும் இதே ஆபத்து இருக்கு. கனெக்டிகட்ல மொத்த டிராஃபிக் கேஸ்ல ஸ்பீடிங் கேஸோட பங்கு அதிரடிக்கு அப்புறம் குறைஞ்சுது. ஜனங்க மெதுவா ஓட்டினதால குறைஞ்சதாவும் இருக்கலாம், பாவம் லைசென்ஸ் போயிடுமேன்னு போலீஸ்காரங்க வேற சின்னக் குத்தமா எழுதினதாவும் இருக்கலாம். அந்த எண்ணை மட்டும் பாத்து எதுன்னு சொல்ல முடியாது. அதனால யார் எழுதறாங்கங்கறதைப் பொறுத்து மாறாத எண்ணைத் தேடி எடுங்க. ரோடு விசயத்துல சாவு எண்ணிக்கையை நம்பறதுக்குக் காரணமே, அதை யாரும் சுலபமா எழுதாம விட முடியாதுங்கறதுதான்.

"கடைசியா கனெக்டிகட் அதிரடி வேலை செஞ்சுதா இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

ஒரே வார்த்தைல முடியாது, ஆனா நேரா சொல்றேன். 1956க்கு அப்புறம் 1959 வரைக்கும் ஒரு வருசம் கூட சாவு திரும்ப ஏறல. அதுக்கு முன்னாடி ரம்பப்பல்லா இருந்த கோடு இறங்குமுகமாவே போச்சு. ஒரு வருச சரிவைவிட இதுதான் அதிரடிக்கு ஆதரவான பலமான சாட்சி, ஏன்னா தற்செயலா இறங்கியிருந்தா 57லயே திரும்ப ஏறியிருக்க வேண்டியது. ஆனா 1955 அளவுக்கு மீறி மோசமான வருசம்ங்கறதால அந்த நாப்பது உயிரும் அதிரடியாலதான் தப்பிச்சுதுன்னு உறுதியா சொல்ல முடியாதுன்னு கேம்ப்பெலும் ராஸும் முடிச்சாங்க. எனக்கும் அதுதான் நியாயமா படுது.

அதிரடி வேற எதையெல்லாம் மாத்துச்சுங்கறது இன்னும் தெளிவா தெரிஞ்சுது. லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆன நிலைலயே வண்டி ஓட்டி மாட்டறவங்க கூடினாங்க. கோர்ட்ல ஸ்பீடிங் கேஸ்ல குத்தவாளி இல்லன்னு விடறது கூடுச்சு. தண்டனை கடுமையானதும் ஜனங்களும் கோர்ட்டும் அதைச் சுத்திப் போக வழி பாத்திருக்காங்க. கேம்பெய்னைக் கணக்கு பாக்கறவங்க இந்த மாதிரி பக்கவிளைவையும் கூடவே எண்ணணும், நம்ம ஆளுங்க பெரும்பாலும் இதை விட்டுடறாங்க.

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தா எதையுமே நிரூபிக்க முடியாதே. ஒரு கேஸாவது தெளிவா ஜெயிச்சது உண்டா?"

உண்டு. 1967 அக்டோபர் 9ல பிரிட்டன்ல குடிச்சிட்டு ஓட்டறதைப் பிடிக்க மூச்சு டெஸ்ட் சட்டம் அமலுக்கு வந்துச்சு, 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குத்தம். கூடவே பெரிய விளம்பரமும் பண்ணாங்க. இதையும் ராஸும் கேம்ப்பெலும் ஜீன் கிளாஸ்ங்கற புள்ளியியல்காரரோட சேர்ந்து ஆராய்ஞ்சாங்க. மாசக் கணக்கு எடுத்து, அஞ்சாவது பதில்ல சொன்ன அந்த வேலையெல்லாம் செஞ்சு, சீசனை நீக்கிட்டுதான் பாத்தாங்க.

அதுல அழகான விசயம், அவங்க மொத்த எண்ணிக்கையோட நிக்கல. சட்டம் நிஜமாவே வேலை செஞ்சிருந்தா எந்த நேரத்துல குறையணும்னு யோசிச்சாங்க. குடிக்கறவங்க ரோட்டுல இருக்கற நேரம் வெள்ளி சனி ராத்திரி. அந்த நேரத்து விபத்துல செங்குத்தா ஒரு சரிவு, சரியா அந்த அக்டோபர்லயே. பப் மூடி இருக்கற, ஆபீஸ் போற வர்ற நேரத்து விபத்துல அப்படி எதுவுமே தெரியல. வானிலையோ பெட்ரோல் விலையோ காரணமா இருந்திருந்தா ரெண்டு நேரத்துலயும் குறைஞ்சிருக்கணும். இங்க ஒப்பிட வேற ஊரே தேவைப்படல, அதே ஊரோட வேற நேரமே போதுமானதா இருந்துச்சு. அந்தப் பலன் போகப் போக தேய்ஞ்சும் போச்சு, மாட்டற வாய்ப்பு தாங்க நினைச்ச அளவுக்கு இல்லன்னு ஜனங்க கண்டுக்கிட்டாங்க.

"எங்க கிராமத்துல வருசத்துக்கு பத்து பதினைஞ்சு விபத்துதான். இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்கு ஒத்து வருமா?"

சின்ன எண்ணிக்கைல சதவீதம் பாத்து ஏமாறாதீங்க. 9 விபத்து 4 ஆச்சுன்னா பாதிக்கு மேல குறைஞ்ச மாதிரி இருக்கும். ரெண்டாவது பதில் கணக்கைப் போடுங்க, கூட்டினா 13, வர்க்கமூலம் 3.6, ரெண்டு மடங்கு 7க்கு மேல. குறைஞ்சது 5. ஒண்ணும் சொல்ல முடியாது.

ரெண்டு வழி இருக்கு. பக்கத்து கிராமங்களையும் சேர்த்து ஒண்ணா எண்ணுங்க, இல்லன்னா அடிக்கடி நடக்கற, விபத்தோட நேரடியா சம்பந்தப்பட்ட ஒண்ணை எண்ணுங்க. ஹெல்மெட் கேம்பெய்ன்னா ஒரு முக்குல நின்னு ஒரு மணி நேரத்துல போற நூறு வண்டில எத்தனை பேர் ஹெல்மெட் போட்டிருக்காங்கன்னு எண்ணலாம். அதே முக்கு, அதே கிழமை, அதே நேரமா இருக்கணும், போலீஸ் நிக்காத நாளா இருக்கணும். சாவைக் குறைச்சோம்னு இதை வச்சு சொல்ல முடியாது, ஹெல்மெட் போடறவங்க கூடினாங்களான்னு மட்டும் சொல்லலாம், அதுவரைக்கும் சொன்னா போதும்.

"நாங்க இன்னும் ஆரம்பிக்கல, அடுத்த மாசம்தான் ஆரம்பிக்கப் போறோம். இப்பவே என்ன பண்ணி வைக்கணும்?"

நீங்க சரியான நேரத்துல கேட்டிருக்கீங்க. எதை எண்ணப் போறீங்க, எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும், எந்த ஊரோட ஒப்பிடப் போறீங்கன்னு மூணையும் இப்பவே எழுதி தேதி போட்டு நாலு பேருக்கு அனுப்பி வைங்க. முடிஞ்சதுக்கப்புறம் தேர்ந்தெடுத்தா நமக்கே தெரியாம நல்லா தெரியற மாசத்தையும் நல்லா தெரியற ஊரையும்தான் எடுப்போம். முந்தின அஞ்சு வருச மாசக் கணக்கை இப்பவே ஸ்டேஷன்லயோ ஆஸ்பத்திரிலயோ கேட்டு வாங்கி வைங்க.

முடிஞ்சா எல்லா ஏரியாலயும் ஒரே நாள்ல ஆரம்பிக்காதீங்க. ஏரியா பேரை சீட்டு எழுதிப் போட்டு குலுக்கி, பாதில இப்போ, மீதில மூணு மாசம் கழிச்சுன்னு வைங்க. காத்திருக்கற பாதிதான் உங்களுக்கு ஒப்பிடற இடம், சீசனும் அதே சீசன். அந்த மூணு மாசம் முடிஞ்சதும் அவங்களுக்கும் கேம்பெய்ன் போய்ச் சேர்ந்துடும். குலுக்கிப் போடறதால மோசமான ஏரியாவா பாத்து முதல்ல எடுக்கற பழக்கமும் போயிடும், நாலாவது கேள்வியோட வில்லங்கமே வராது. முதல் ஏரியால குறைஞ்ச அதே மாதிரி ரெண்டாவது ஏரியாலயும் அவங்க முறை வந்ததுக்கு அப்புறம் குறைஞ்சா, தற்செயல்னு சொல்றவங்க அந்தத் தற்செயல் ரெண்டு தடவையும் சரியா அந்தந்தத் தேதிக்கு எப்படி வந்துச்சுன்னு விளக்கணும்.